கழற்றி வையுங்கள் அந்தப் பென்டிரைவை

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருக்கும் அபர்ட்டே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், சில ஆண்டுகளுக்கு முன் இணைய ஏலத்தில் 100 பழைய பென்டிரைவ்களை விலைக்கு வாங்கினார்கள். கணினியில் செருகிப் பார்த்தால் அவற்றில் 98 காலியாகவே தெரிந்தன. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய மீட்பு மென்பொருள்களை வைத்துத் தேடியபோது ஏறத்தாழ 75,000 கோப்புகள் வெளியே வந்தன. கடவுச்சொற்கள், ஒப்பந்தங்கள், வங்கி விவரங்கள், வரிக் கணக்குகள் எல்லாம் அதில் இருந்தன. 42 பென்டிரைவ்களில் இருந்த கோப்புகள் ஒன்று விடாமல் கிடைத்தன. 26 பென்டிரைவ்களில் அரைகுறையாகக் கிடைத்தன. மீதி 32 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன.

பழைய பென்டிரைவை விற்பவருக்கு இது கலக்கம் தரும் செய்தி. தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவருக்கோ இதைவிட நல்ல செய்தி கிடையாது. அவர் அழித்தது இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை. அழித்த பிறகு அந்தப் பென்டிரைவை அவர் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பதுதான் தீர்மானிக்கிறது. மேசை இழுப்பறையில் ஆறு மாதம் சும்மா கிடந்த பென்டிரைவில் இருந்து எல்லாமே மீளலாம். அழித்த அரை மணி நேரத்தில் ஒரு சினிமாவை ஏற்றிய பென்டிரைவில் பாதிகூடத் தேறாமல் போகலாம்.

விண்டோஸ் கணினியின் உள்ளே இருக்கும் டிஸ்கில் ஒரு கோப்பை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். மனம் மாறினால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். பென்டிரைவில் அழித்தால் பொதுவாக அந்த வசதி கிடையாது. "நிரந்தரமாக அழிக்கட்டுமா?" என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் இருப்பவர்கள் அதைப் படிக்காமலேயே எண்டரைத் தட்டிவிடுகிறார்கள். மேக் கணினியிலும் லினக்ஸிலும் நிலைமை கொஞ்சம் தேவலை. அங்கே அழித்தவை பென்டிரைவிலேயே `.Trashes` அல்லது `.Trash-1000` என்ற மறைந்த ஃபோல்டரில் தங்கியிருக்கலாம். ஆகவே மீட்பு மென்பொருளைத் தேடி ஓடுவதற்கு முன், எந்தக் கணினியில் அழித்தோமோ அதே கணினியின் குப்பைத் தொட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

அந்த "நிரந்தரமாக" என்ற சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது? கடைகளில் விற்கும் பென்டிரைவ்களில் 32 ஜிபி வரை உள்ளவை பெரும்பாலும் ஃபேட்32 என்ற முறையில்தான் கோப்புகளை வைத்துக்கொள்கின்றன. இடத்தை அது சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து வைக்கிறது. ஒரு துண்டுக்கு கிளஸ்டர் என்று பெயர். 16 ஜிபி பென்டிரைவை விண்டோஸில் ஃபார்மட் செய்தால் ஒரு கிளஸ்டர் வழக்கமாக 8 கிலோபைட் அளவில் அமையும். 4 மெகாபைட் அளவுள்ள ஒரு புகைப்படத்துக்கு 512 கிளஸ்டர்கள் வேண்டும். எந்தக் கோப்பு எந்தக் கிளஸ்டரில் தொடங்குகிறது, அதன் பெயர் என்ன, அளவு என்ன என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு கிளஸ்டருக்கு அடுத்தது எது என்று சொல்லும் அட்டவணை தனியாக இருக்கிறது.

அழிக்கும்போது கை வைக்கப்படுவது இந்த இரண்டு பதிவேடுகளில் மட்டும்தான். தாலுகா அலுவலகப் பதிவேட்டில் ஒருவர் பெயரை அடித்துவிட்டு "இந்த மனை காலி" என்று எழுதிவிட்டால் அங்கே கட்டியிருக்கும் வீடு அன்றைக்கே இடிந்துவிடாது. அந்த மனையை இன்னொருவருக்கு ஒதுக்கி, அவர் வந்து அஸ்திவாரம் தோண்டும்போதுதான் பழைய வீடு போகும். பென்டிரைவில் நடப்பதும் அதேதான்.

கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். `KALYANAM.JPG` என்று ஒரு புகைப்படம் இருக்கிறது. பட்டியலில் அதன் பெயர் 11 பைட்டுகளாக இப்படி எழுதப்பட்டிருக்கும்:

```
4B 41 4C 59 41 4E 41 4D 4A 50 47   KALYANAMJPG
```

அதை அழித்த பிறகு அதே இடத்தைப் பார்த்தால்:

```
E5 41 4C 59 41 4E 41 4D 4A 50 47   ?ALYANAMJPG
```

K என்ற முதல் எழுத்து இருந்த இடத்தில் `E5` என்ற குறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். "இந்த வரி இனி செல்லாது" என்பதற்கான அடையாளம் அது. கோப்பின் அளவு, எடுத்த தேதி, நேரம் எல்லாம் அதே வரியில் அப்படியே இருக்கும். இன்னொரு பக்கம், கிளஸ்டர் அட்டவணையில் இந்தப் படத்துக்கான 512 இடங்களும் பூஜ்யமாக்கப்படும். அதாவது அவை காலி என்று அறிவிக்கப்படும். படத்தின் 4 மெகாபைட்டில் ஒரு பைட்டைக்கூட யாரும் தொடவில்லை. பெரிய சினிமாவாக இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் அழிந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். மீட்பு மென்பொருள்களில் பெயரின் முதல் எழுத்து மட்டும் காணாமல் `_ALYANAM.JPG` என்பதுபோல் தெரிவதற்கும் காரணம் இதுவே.

இந்த முறை பென்டிரைவோடு பிறந்ததல்ல. ஃபிளாப்பி காலத்திலிருந்தே வருகிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகரைப் பல ஆண்டுகள் நடுங்கவைத்த 'பிடிகே' கொலையாளி டென்னிஸ் ரேடர் பிடிபட்டது இதனால்தான். 2005 பிப்ரவரியில் அவர் ஒரு உள்ளூர் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு ஃபிளாப்பியை அனுப்பினார். காவல்துறையின் கணினி நிபுணர் அதில் அழிக்கப்பட்டிருந்த ஒரு வேர்டு கோப்பை மீட்டார். அந்தக் கோப்பின் உள் விவரத்தில் ஒரு தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் 'டென்னிஸ்' என்ற குறிப்பும் இருந்தன. அந்த மாதமே அவர் கைதானார். தேவாலயக் கணினியில் பயன்பட்ட அந்த ஃபிளாப்பியில் பழைய கோப்பு இருந்த இடத்தின் மேல் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்ததுதான் விஷயம்.

இப்போது எழுதுவதற்கு வருவோம். அழித்த பிறகும் பயன்படுத்தினால் வாய்ப்பு குறையும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எவ்வளவு குறையும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

16 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும் பென்டிரைவ் கணினியில் ஏறத்தாழ 14.9 ஜிபி என்றுதான் காட்டும். அதில் 13.2 ஜிபிக்குப் பாட்டு, படம், பழைய ஆவணங்கள். 1.2 ஜிபிக்கு ஒரு கல்யாணத்தின் 300 புகைப்படங்கள், ஒவ்வொன்றும் 4 மெகாபைட். மீதி அரை ஜிபி காலி. அந்தக் கல்யாண ஃபோல்டரை யாரோ தெரியாமல் அழித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது காலியிடம் 1.7 ஜிபி என்று காட்டும். அந்த 1.7 ஜிபியில் 1.2 ஜிபி புகைப்படங்கள் கிடக்கும் இடம்.

அதில் 700 மெகாபைட் சினிமா ஒன்றை ஏற்றினால், கணினி எவ்வளவு தயவு காட்டினாலும் பழைய அரை ஜிபி காலியிடம் போதாது. குறைந்தது 200 மெகாபைட்டாவது புகைப்படங்களின் மேல்தான் விழ வேண்டும். அதாவது ஏறக்குறைய 50 படங்கள் கட்டாயம் போகும். முழுச் சினிமாவும் அந்தப் பகுதியிலேயே விழுந்தால் 175 படங்கள் போகும். சினிமா 1.5 ஜிபி என்றால் குறைந்தபட்ச இழப்பே 250 படங்கள். அதைவிட மோசமாகவும் ஆகலாம், ஏனென்றால் ஒரு படத்தின் நடுவில் சில கிளஸ்டர்கள் போனாலே அந்தப் படம் கெட்டுவிடும். இழப்பு கோர்வையாக விழாமல் அங்கங்கே சிதறி விழுந்தால் அதே 200 மெகாபைட் இன்னும் அதிகப் படங்களைக் கெடுக்கும்.

இதே 300 படங்கள் பாதிக்கு மேல் காலியாக இருந்த பென்டிரைவில் இருந்திருந்தால் சினிமா ஏற்றிய பிறகும் ஒரு படம்கூடச் சேதமாகாமல் தப்பியிருக்க வாய்ப்புண்டு. புதிய கோப்பை எங்கே வைப்பது என்பதை அந்தந்தக் கணினி தன் போக்கில் முடிவு செய்கிறது. விண்டோஸ் பெரும்பாலும் கடைசியாக எழுதிய இடத்துக்கு அடுத்து காலி இருக்கிறதா என்று முன்னோக்கித் தேடும். டிவியும் கேமராவும் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். ஆகவே "ஒரு சின்ன ஃபைல்தானே ஏற்றினேன்" என்று சொல்பவருக்கு எது போயிற்று என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பென்டிரைவ் நிரம்பி வழியும் நிலையில் இருந்தால், அழித்த இடத்தைத் தவிர அதற்கு எழுத வேறு இடமே இல்லை. கணினிக் கடைக்காரரிடம் கொண்டுபோகும்போது அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்த நிறுவனத்துப் பென்டிரைவ் என்பதல்ல. அழித்த நேரத்தில் எவ்வளவு நிரம்பியிருந்தது, அதன் பிறகு எதை ஏற்றினீர்கள் என்ற இரண்டும்தான்.

"நான் எதையுமே ஏற்றவில்லை, திறந்து பார்த்தேன், அவ்வளவுதான்" என்று பலர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எழுதியது அவர்கள் அல்ல, கணினி. விண்டோஸ் ஒரு பென்டிரைவைப் பார்த்ததும் அதில் `System Volume Information` என்ற ஃபோல்டரை உண்டாக்கி, உள்ளே ஓரிரு சிறு கோப்புகளை எழுதிவைக்கும். மேக் கணினி `.DS_Store`, `.Spotlight-V100` என்று தன் பங்குக்கு எழுதும். ஆண்ட்ராய்டு போனில் மெமரி கார்டைச் செருகினால் `LOST.DIR` முளைக்கும். கேலரி செயலி சிறு படங்களைத் தயாரித்துச் சேமிக்கவும் செய்யலாம். இவையெல்லாம் அளவில் சின்னவைதான். ஒவ்வொன்றும் ஒரு கிளஸ்டரையோ சில கிளஸ்டர்களையோ பிடிக்கும். ஆனால் ஒரு புகைப்படத்தின் முதல் கிளஸ்டரே அப்படிப் போய்விட்டால் மீதி 511 கிளஸ்டர்கள் பத்திரமாக இருந்தும் அந்தப் படம் திறக்காது.

பென்டிரைவில் இருக்கும் வேர்டு கோப்பை அங்கேயே திறந்து திருத்துவது இன்னொரு கண்ணி. சேமி என்று ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வேர்டு பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. முழுக் கோப்பையும் புதிதாக ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு பழையதை அழித்து, புதியதற்கு அதன் பெயரைச் சூட்டும். கணக்காளர் ஒருவர் மதியம் முழுக்கப் பென்டிரைவில் இருந்தபடியே ஒரே கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தால், அவர் கண்ணுக்கு ஒரு கோப்புதான் தெரியும். காலியிடத்தில் அது திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் செய்வது பதற்றத்தில் செய்யும் வைத்தியம். மீட்பு மென்பொருளை இறக்கி அதே பென்டிரைவில் போட்டு நிறுவுகிறார்கள். மீட்ட படங்களை அதே பென்டிரைவில் சேமிக்கிறார்கள். அப்போது மீண்டு வரும் ஒவ்வொரு படமும், இன்னும் மீளாமல் காத்திருக்கும் படத்தின் மேல் எழுதப்படலாம். மைக்ரோசாஃப்டின் மீட்புக் கருவி சேமிக்கும் டிரைவும் மீட்கும் டிரைவும் ஒன்றாக இருக்கவே கூடாது என்று கறாராக இருப்பது இதனால்தான். "இந்த டிரைவில் கோளாறு இருக்கிறது, சரிசெய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் அதற்கும் அப்போதைக்குச் சம்மதிக்கக் கூடாது. சரிசெய்வது என்றால் பதிவேடுகளைத் திருத்தி எழுதுவது என்று பொருள். `FOUND.000` போன்ற புதிய ஃபோல்டர்கள் அதன் விளைவாக வரும்.

மீட்பு மென்பொருளை ஓட்டியதும் திரையில் அழிந்த கோப்புகளின் பட்டியல் வரும். பெயர் இருக்கும், அளவு சரியாக இருக்கும், தேதிகூட இருக்கும். பார்த்தவுடன் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருக்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். பெயர் இருப்பது பட்டியலில். படம் இருப்பது வேறு கிளஸ்டர்களில். அந்தக் கிளஸ்டர்களில் இதற்குள் வேறு கோப்பு குடிவந்திருந்தால், `_ALYANAM.JPG` என்ற பெயரில் 4 மெகாபைட்டுக்கு மீளப்போவது சினிமாவின் ஒரு பகுதியாக இருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அதே ஃபோல்டரில் ஒரு புதிய கோப்பை வைத்தால், பட்டியலில் செல்லாது என்று குறித்த வரியின் மேலேயே புதிய பெயர் எழுதப்படலாம். அப்போது படம் பத்திரமாக இருக்கும், பெயர் போயிருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி எளியது. ஜேபெக் படம் எதுவாயினும் அதன் முதல் மூன்று பைட்டுகள் `FF D8 FF` என்றிருக்கும். மீண்ட கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தால் தொடக்கத்தில் அது இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக `50 4B` என்று தொடங்கினால் அங்கே உட்கார்ந்திருப்பது ஜிப் கோப்போ, இன்றைய வேர்டு, எக்செல் கோப்போதான். ஹெக்ஸ் எடிட்டர் பழக்கமில்லாதவர்கள் படத்தைப் பெரிதாகத் திறந்து அடி வரை பார்த்தாலே போதும். மேல் பாதி மாப்பிள்ளை, கீழ்ப் பாதி சாம்பல் நிறம் அல்லது வண்ணக் கோடுகள் என்றால் நடுவிலிருந்து வேறு ஏதோ வந்துவிட்டது. சிறு முன்னோட்டப் படத்தை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. கேமராவில் எடுத்த படங்களில் முன்னோட்டத்துக்கான குட்டிப் படம் கோப்பின் தொடக்கத்திலேயே தனியாக இருக்கும்; பெரிய படம் சிதைந்த பிறகும் குட்டிப் படம் அழகாகத் தெரியும்.

பாதி சிதைந்த படங்கள் எல்லாமே மேலெழுதப்பட்டவை என்று சொல்லிவிட முடியாது. நிரப்பியும் அழித்தும் பல காலம் புழங்கிய பென்டிரைவில் ஒரு பெரிய கோப்பை ஒரே தொடர்ச்சியாக வைக்க இடம் கிடைக்காது. கணினி அதை இரண்டு, மூன்று துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் வைக்கும். எந்தத் துண்டுக்கு அடுத்து எது என்பது அட்டவணையில் இருந்தது. அழித்தபோது அது பூஜ்யமாகிவிட்டது. மீட்பு மென்பொருளுக்குத் தொடக்கம் தெரியும், அளவு தெரியும், வழி தெரியாது. ஆகவே வரிசையாக 512 கிளஸ்டர்களை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அப்படி வந்த படத்தின் மறுபாதி பென்டிரைவிலேயே வேறெங்கோ நலமாக இருக்கலாம். பொறுமையும் திறமையும் உள்ளவர் அதைத் தேடி ஒட்டவைக்க முடியும். மேலெழுதப்பட்டதற்கு அந்த நம்பிக்கையும் இல்லை. எனவே கெட்டுப்போன படம் என்று தள்ளிவிட்டு அந்தப் பென்டிரைவை மறுபடி புழக்கத்தில் விடுவது இரண்டாவது முறை அழிப்பதற்குச் சமம்.

வீடியோவுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. எம்பி4 கோப்பில் காட்சிகளை எந்த வரிசையில், எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் குறிப்புப் பகுதி இருக்கிறது. பல போன்களும் கேமராக்களும் படம் பிடித்து முடித்த பிறகு அதைக் கோப்பின் கடைசியில் எழுதுகின்றன. அந்தக் கடைசிப் பகுதியின் மேல் வேறு எதுவும் விழுந்துவிட்டால், முன்னால் இருக்கும் ஒரு மணி நேரக் காட்சியும் பத்திரமாக இருந்தும் வீடியோ ஓடாது. அதே போனில், அதே அமைப்பில் எடுத்த இன்னொரு நல்ல வீடியோவை மாதிரியாக வைத்து அந்தக் குறிப்பைத் திரும்ப உருவாக்கும் கருவிகள் இருக்கின்றன. சில நேரம் அவை அற்புதமாக வேலை செய்கின்றன.

மேலே எழுதப்பட்ட பிறகும் பெரிய ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் எடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பென்டிரைவின் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சிப்பில், எழுதிய இடத்தின் மேலேயே நேரடியாகத் திரும்ப எழுத முடியாது. முதலில் பெரிய தொகுதியாக அழித்தாக வேண்டும். அதனால் பென்டிரைவின் கட்டுப்பாட்டுச் சிப் தந்திரமாக நடந்துகொள்கிறது: புதியதை வேறொரு வெற்றிடத்தில் எழுதிவிட்டு, "இனி இந்த முகவரி என்றால் அந்த இடம்" என்று தன் குறிப்பை மாற்றிக்கொள்கிறது. பழைய தரவு கொஞ்ச காலம் சிப்பில் அநாதையாகக் கிடக்கலாம். ஆனால் யுஎஸ்பி வழியாகக் கேட்டால் கட்டுப்பாட்டுச் சிப் புதியதை மட்டுமே கொடுக்கும். எந்த மென்பொருளாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. சிப்பையே பலகையிலிருந்து கழற்றி நேராகப் படிக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. அங்கேயும் தரவு கலைத்துப்போட்ட வடிவில்தான் வரும். அந்தந்தக் கட்டுப்பாட்டுச் சிப்பின் முறையைத் தெரிந்து கோர்க்க வேண்டும். உடைந்துபோன, உயிர் இல்லாத பென்டிரைவ்களுக்குத்தான் அந்த வேலை பெரிதும் பயன்படுகிறது. மேலெழுதியதை மீட்க அதை நம்பியிருக்க முடியாது.

இதே இடத்தில் பென்டிரைவுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். எஸ்எஸ்டி டிஸ்குகளில் ஒரு கோப்பை அழித்தால், "இந்த இடம் இனி தேவையில்லை" என்று கணினி டிஸ்கிடமே சொல்லிவிடும். டிரிம் என்று அதற்குப் பெயர். சொல்லக் கேட்டதும் டிஸ்க் அந்த இடங்களைச் சாவகாசமாகத் துடைத்துவிடும். யாரும் எதையும் எழுதாமலேயே தரவு போய்விடும். சாதாரணப் பென்டிரைவ்களுக்கு இந்த உத்தரவு பெரும்பாலும் போவதில்லை. அழித்த கோப்பும் இருக்கும் கோப்பும் அதன் கட்டுப்பாட்டுச் சிப்புக்கு ஒன்றுதான். உள்ளே இடம் மாற்றும்போதும் இரண்டையும் ஒரே அக்கறையோடு தூக்கிக்கொண்டு போகும். ஆகவே பென்டிரைவைப் போலவே சின்னதாக இருக்கும் கையடக்க எஸ்எஸ்டிகளுக்கு இந்தக் கட்டுரையின் ஆறுதல்கள் பொருந்தாது. அங்கே சும்மா வைத்திருப்பதும் பாதுகாப்பல்ல.

அப்படியானால் அழித்துவிட்டோம் என்று தெரிந்த நொடியில் என்ன செய்ய வேண்டும்? திறந்திருக்கும் கோப்புகளைச் சேமிக்காமல் மூடிவிட்டு, முறைப்படி எஜெக்ட் கொடுத்து, பென்டிரைவைக் கழற்றி வைக்க வேண்டும். கேமராவின் எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டில் இருக்கும் சிறு பூட்டுப் பொத்தானைக் கீழே தள்ளிவிட்டால், பெரும்பாலான கார்டு ரீடர்கள் அதில் எழுத மறுக்கும். பென்டிரைவ்களில் அந்த வசதி அரிது.

அடுத்த வேலை மீட்பு அல்ல, நகல். பென்டிரைவின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, காலி என்று காட்டும் இடம் உட்பட, அப்படியே ஒரு கோப்பாகக் கணினியில் எடுத்து வைக்க வேண்டும். லினக்ஸில் அதற்கு ஒரே வரி போதும்:

```
sudo ddrescue -d /dev/sdb pen.img pen.map
```

`/dev/sdb` என்ற இடத்தில் பென்டிரைவின் உண்மையான பெயர் வர வேண்டும். முன்னதாக `lsblk` என்று தட்டி, அளவை வைத்து எது பென்டிரைவ் என்று உறுதி செய்துகொள்வது அவசியம்; பெயர் மாறினால் வேறு டிஸ்கின் நகல்தான் வரும். 16 ஜிபி பென்டிரைவுக்குக் கணினியில் 16 ஜிபி காலியிடம் வேண்டும். நொடிக்கு 25 மெகாபைட் வேகத்தில் படித்தால் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு பென்டிரைவைத் தொடவே தேவையில்லை. எத்தனை மென்பொருளை வேண்டுமானாலும் அந்த நகலின் மேல் ஓட்டிப் பார்க்கலாம். ஒன்று சொதப்பினால் அடுத்ததை முயலலாம்.

நகல் எடுக்க வழியில்லாதவர்கள் விண்டோஸ் 10இன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வேலை செய்யும் மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்து கணினியின் டிஸ்கில் நிறுவிக்கொள்ளலாம். பென்டிரைவ் `E:` என்றும், மீட்டதை வைக்கப்போவது `D:` என்றும் வைத்துக்கொண்டால்:

```
winfr E: D: /extensive /n *.jpg
```

இன்னும் ஆழமாகத் தேட வேண்டுமென்றால் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் இருக்கிறது. அதுவும் இலவசம். அது பெயர்ப் பட்டியலையே நம்புவதில்லை. பென்டிரைவையோ நகலையோ அடியிலிருந்து நுனிவரை படித்துக்கொண்டே போய், `FF D8 FF` போன்ற தொடக்க அடையாளங்களைப் பார்த்த இடத்திலெல்லாம் ஒரு கோப்பை எடுத்து வைக்கும். ஆகவே ஃபார்மட் ஆன பென்டிரைவுக்கும் இது உதவும். ஆனால் விரைவு ஃபார்மட்டாக இருந்திருக்க வேண்டும். அது பதிவேடுகளை மட்டும்தான் புதிதாக்குகிறது. 'குவிக் ஃபார்மட்' என்ற பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்திருந்தால் கதை வேறு. விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அப்போது பென்டிரைவ் முழுக்கப் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகு தேடுவதற்கு எதுவும் இல்லை.

ஃபோட்டோரெக் தேடும் இடத்தைக் கேட்கும்போது `Free` என்று தேர்ந்தெடுத்தால் காலி என்று குறித்த பகுதியில் மட்டும் தேடும். ஏற்கெனவே பத்திரமாக இருக்கும் படங்களை மறுபடி எடுத்துக் குவிக்காது. மீண்டவை `recup_dir.1`, `recup_dir.2` என்ற ஃபோல்டர்களில் `f0123456.jpg` என்பதுபோல் எண் பெயர்களோடு வந்து விழும். பழைய பெயரும் ஃபோல்டர் அமைப்பும் வராது. 300 கல்யாணப் படங்களோடு, எப்போதோ அழித்த பழைய படங்களும் கலந்து வரும். கேமராவும் போனும் படம் எடுத்த தேதியையும் நேரத்தையும் படத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் 'Date taken' என்ற பத்தியைச் சேர்த்து அதன்படி வரிசைப்படுத்தினால், முகூர்த்தத்தன்று எடுத்தவை எடுத்த வரிசையிலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். அந்த வரிசையில் எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்த்தாலே எந்த நேரத்துப் படங்கள் மீளவில்லை என்பதும் தெரிந்துவிடும். மாமாவின் போனிலோ புகைப்படக்காரரிடமோ எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு சுலபம்.